நாம் செலவழிக்காத பணம்: வங்கிக்கு எழுதும் புகார்க் கடிதம்



முன்பெல்லாம் தோட்டத்தில் சம்பள நாள் என்றால் ஆபீஸ் வாசலில் வரிசை நிற்கும். பெயரைக் கூப்பிடுவார்கள், பணத்தை எண்ணி வாங்குவோம், ஐந்து வெள்ளி குறைந்தாலும் அந்த இடத்திலேயே கிராணியிடம் கேட்டுவிடுவோம். இன்று பெரும்பாலும் சம்பளம் வங்கிக் கணக்கில் சேர்கிறது. கையில் இருப்பது ஒரு கார்டுதான். கணக்கிலிருந்து நாம் எடுக்காத பணம் போயிருந்தால், வாசலில் நின்று கேட்பதற்கு ஆளில்லை. நாம் எழுதிக் கொடுக்கும் கடிதம்தான் நமக்காக அங்கே பேச வேண்டும். அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்பதையே இன்றைய உரையில் காண்போம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர். அவருடைய சம்பளம் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி கணக்கில் சேர்ந்தது. 15-ஆம் தேதி காலை, பணம் எடுப்பதற்காகப் பட்டணத்துக்குப் போகிறார். இயந்திரம் காட்டிய மிச்சம், அவர் நினைத்திருந்ததைவிட ஆயிரம் வெள்ளிக்கு மேல் குறைவாக இருக்கிறது. கார்டோ அவருடைய சட்டைப் பையில்தான் இருக்கிறது. அவருக்கு நெஞ்சு படபடக்கிறது. இந்த நேரத்தில் அவர் எதை முதலில் செய்ய வேண்டும்?

முதலில் செய்ய வேண்டியது கடிதம் எழுதுவதன்று, தொலைபேசியில் அழைப்பது. கார்டின் பின்புறத்தில் வங்கியின் எண் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணுக்கே அழைக்க வேண்டும். யாரோ அனுப்பிய குறுஞ்செய்தியில் இருக்கும் எண்ணுக்கு அழைக்கக் கூடாது. ஏனெனில், வங்கி என்று சொல்லிக்கொண்டு ஏமாற்றுகிறவர்களும் அத்தகைய செய்திகளையே அனுப்புகிறார்கள். கார்டை உடனே முடக்கச் சொல்ல வேண்டும். பிறகு மூன்று விவரங்களைக் கேட்டுத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்: புகார் எண், பேசிய அலுவலரின் பெயர், அழைத்த நேரம். இந்த மூன்றும் கடிதத்திற்குத் தேவைப்படும். தெரிந்தவுடன் அறிவித்தோமா, தாமதித்தோமா என்பதை வங்கி பார்க்கும். அழைத்த நேரத்தைக் குறித்து வைத்தவருக்கு அதில் வாதமே எழாது.

பணம் போனது ஒரு மோசடிக்காரனின் பேச்சை நம்பியதால் என்றால், 997 என்ற எண்ணுக்கும் உடனே அழைக்க வேண்டும். அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்டது. பணம் வேறு கணக்குகளுக்குக் கைமாறுவதற்கு முன் தடுத்து நிறுத்த முயல்வது அதன் வேலை. ஆகவே அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வரும்.

இரண்டாவதாக, கணக்கு விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும். வங்கிக் கிளையில் கேட்டால் அச்சிட்டுக் கொடுப்பார்கள். கைத்தொலைபேசியில் வங்கிச் செயலி இருந்தால் அதிலும் காணலாம். நம் எடுத்துக்காட்டில் உள்ளவரின் கணக்கில், சம்பளத்திற்குப் பிறகு ஐந்து வரிகள் இருக்கின்றன என்போம்.

முதல் வரி, 10-ஆம் தேதி, பெட்ரோல் நிலையம், 200 வெள்ளி. அவர் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றியதோ 12 வெள்ளிக்குத்தான். இதைக் கண்டதும் ‘இதோ திருட்டு’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் இது திருட்டன்று. பெட்ரோல் பம்பிலேயே கார்டைப் போட்டால், எவ்வளவு ஊற்றப் போகிறோம் என்பது இயந்திரத்திற்குத் தெரியாது. எனவே முதலில் 200 வெள்ளியை நிறுத்தி வைக்கிறது. பிறகு ஊற்றிய அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைச் சில வேலை நாட்களில் விடுவிக்கிறது. முகப்பில் சென்று, இத்தனை வெள்ளிக்கு என்று சொல்லிப் பணம் கட்டினால் இந்தச் சிக்கல் இராது.

இரண்டாவது வரி, 12-ஆம் தேதி, பேரங்காடி, 86 வெள்ளி 40 காசு. அது அவருடைய மனைவியார் புத்தாண்டுக்காக வாங்கிய மளிகை. இரசீதும் வீட்டில் இருக்கிறது.

மற்ற மூன்று வரிகளும் இணையத்தில் நடந்த வாணிகம். ஒன்று 4 வெள்ளி 90 காசு, அடுத்தது 389 வெள்ளி, மூன்றாவது 489 வெள்ளி. கடையின் பெயரை வீட்டில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. இங்கே சிறிய தொகையைக் கவனியுங்கள். திருடிய கார்டு எண் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு, முதலில் சில வெள்ளிக்கு மட்டும் வாங்கிப் பார்ப்பது இந்தத் திருடர்களின் வழக்கம். அது சென்றுவிட்டால் பெரிய தொகைக்குப் போவார்கள். ஆகவே, ‘ஐந்து வெள்ளிதானே, போகட்டும்’ என்று சின்னத் தொகையைக் கடிதத்தில் விட்டுவிடக் கூடாது. மூன்றும் ஒருவனுடைய செயல் என்பதைக் காட்டும் சாட்சி அதுவே.

இருந்தாலும், எழுதுவதற்கு முன் வீட்டில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பிள்ளைகள் கைத்தொலைபேசி விளையாட்டில் ஏதேனும் வாங்கினார்களா? முன்பு ஒருமுறை பதிந்து வைத்த கார்டிலிருந்து மாதா மாதம் பிடிக்கும் சந்தா ஏதேனும் உண்டா? மிரட்டிக் கேட்டால் பிள்ளை மறைத்துவிடும். பொறுமையாகக் கேட்டால் உண்மை வரும். வீட்டுப் பிள்ளை வாங்கியதைத் திருட்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, விசாரணையில் அது நம் தொலைபேசியிலிருந்தே நடந்தது என்று தெரிந்தால், உண்மையான புகாரின் மீதும் வங்கிக்கு நம்பிக்கை போய்விடும்.

இப்போது கடிதத்திற்கு வருவோம். வங்கிக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுவதே வழக்கம். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் மகனோ மகளோ எழுதித் தரலாம். நாம் தமிழில் சொல்லிக் கொடுக்க, அவர்கள் மொழிமாற்றி எழுதட்டும். ‘அனுமதியில்லாமல்’ என்பதற்கு மலாயில் ‘தன்பா கெபெனாரான்’ என்ற சொல் தலைப்பிலேயே வர வேண்டும். கடிதம் பின்வருமாறு அமையலாம்.

நாள்: 16.4.2025

பெறுநர்: கார்டு புகார்ப் பிரிவு (வங்கியின் பெயர், கிளை)

பொருள்: என் அனுமதியில்லாமல் நடந்த மூன்று கார்டு வாணிகங்கள், மொத்தம் 882.90 வெள்ளி. தொலைபேசிப் புகார் எண்: 40615.

ஐயா,

என் பெயர் (முழுப் பெயர்). கடைசி நான்கு எண்கள் 3127 என்று முடியும் டெபிட் கார்டு என்னுடையது. பின்வரும் மூன்று வாணிகங்களையும் நான் செய்யவில்லை. வேறு யாரையும் செய்யச் சொல்லவும் இல்லை.

1. 12.4.2025, இரவு 11.48, தொகை 4.90 வெள்ளி, குறிப்பு எண் 77120431.
2. 12.4.2025, இரவு 11.53, தொகை 389.00 வெள்ளி, குறிப்பு எண் 77120466.
3. 13.4.2025, இரவு 12.07, தொகை 489.00 வெள்ளி, குறிப்பு எண் 77130012.

மூன்றிலும் காணப்படும் கடைப் பெயர்: (கணக்கு விவரத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து). மூன்றும் கணக்கில் 14.4.2025 அன்று பதிவாகியுள்ளன.

அந்த நேரத்தில் கார்டு என்னிடம், என் வீட்டில் இருந்தது. இன்றும் என்னிடமே உள்ளது. இரகசிய எண்ணை யாருக்கும் சொன்னதில்லை. இந்த வாணிகங்களுக்காக ஒருமுறைக் கடவு எண் எதுவும் எனக்கு வரவில்லை. எதற்கும் நான் ஒப்புதல் அளிக்கவும் இல்லை. வங்கியில் நான் பதிந்துள்ள தொலைபேசி எண் 558 என்று முடியும்.

15.4.2025 காலை 10.05 மணிக்கு இதை அறிந்தேன். 10.20 மணிக்கு உங்கள் சேவை எண்ணுக்கு அழைத்துக் கார்டை முடக்கினேன். அன்று மாலை போலீசில் புகார் செய்தேன். அதன் எண்ணும் நகலும் இத்துடன் உள்ளன.

மூன்று தொகைகளையும் என் கணக்கில் திரும்பச் சேர்க்கும்படியும், விசாரணை முடிவை எழுத்து மூலம் தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். இவ்வாணிகங்கள் எந்த முறையில் சரிபார்க்கப்பட்டன என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு, (கையொப்பம், தொலைபேசி எண்)

கடிதம் இவ்வளவுதான். இதில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. ‘ஏழைத் தொழிலாளியின் வயிற்றில் அடித்துவிட்டார்களே’ என்று எழுதினால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விசாரிக்கும் அலுவலர் அதைக் கொண்டு எதையும் தேட முடியாது. அவர் கணினியில் தேடுவது தேதியையும் தொகையையும் குறிப்பு எண்ணையும்தான்.

சில இடங்களை மட்டும் விளக்க வேண்டும். மூன்று தொகைகளையும் கூட்டி ‘882 வெள்ளி 90 காசு போயிற்று’ என்று மட்டும் எழுதினால், அப்படி ஒரு தொகை வங்கியின் பதிவேட்டில் எங்கும் இராது. ஒவ்வொன்றும் தனி வாணிகம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் விசாரிப்பார்கள். ஆகவே தனி வரி வேண்டும்; மொத்தம் தலைப்பில் இருந்தால் போதும்.

தேதியில் இரண்டு வகை உண்டு. வாணிகம் நடந்த தேதி ஒன்று. கணக்கில் பதிவான தேதி மற்றொன்று. சனிக்கிழமை இரவு நடந்தது திங்கட்கிழமை பதிவாகலாம். நம் எடுத்துக்காட்டில் மூன்றாவது வாணிகம் நள்ளிரவைத் தாண்டியதால் அதன் தேதியே மாறிவிட்டது. பதிவான தேதியை மட்டும் எழுதி, ‘அன்று நான் வெட்டுக்காட்டில் இருந்தேன்’ என்று சொன்னால் வாதம் பொருந்தாது. இரண்டு தேதிகளையும் எழுதினால் குழப்பமில்லை. அச்சிட்ட கணக்கில் பெரும்பாலும் மணி நேரம் இருக்காது; வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியில் இருக்கும். எனவே அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

கடவு எண்ணைப் பற்றிய வரிதான் கடிதத்தின் உயிர் எனலாம். வங்கி விசாரிக்கும்போது, இந்த வாணிகத்திற்கு ஒருமுறைக் கடவு எண் அனுப்பப்பட்டதா, அல்லது செயலியில் ஒப்புதல் கேட்கப்பட்டதா, அது எந்தத் தொலைபேசிக்குச் சென்றது என்று பார்க்கும். தோட்டத்தில் நாம் தொலைபேசி எண்ணை அடிக்கடி மாற்றிவிடுகிறோம். வங்கியிடம் சொல்ல மறந்துவிடுகிறோம். பழைய எண் காலாவதியான பின் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். அப்போது வங்கி அனுப்பும் கடவு எண் அவரிடம் போய்ச் சேரும். ஆகவே எந்த எண் வங்கியில் பதிந்திருக்கிறது என்பதைக் கிளையில் கேட்டு உறுதி செய்துகொண்டு பிறகே எழுத வேண்டும்.

யாரோ ஒருவர் அழைத்து, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்ல, நாம் கடவு எண்ணைப் படித்துக் காட்டியிருந்தால் என்ன செய்வது? அதை மறைத்து எழுதக் கூடாது. எத்தனை மணிக்கு, எந்த எண்ணிலிருந்து அழைத்தார், என்ன சொன்னார் என்பதை அப்படியே எழுத வேண்டும். அது வேறு வகைப் புகார். பணம் திரும்புவது கடினமாகலாம். ஆனால் ‘கடவு எண் வரவில்லை’ என்று எழுதி, வந்த பதிவு வங்கியிடம் இருந்துவிட்டால், புகார் அத்துடன் முடிந்துவிடும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசவேண்டும். கடைக்காரரிடமோ வட்டிக்குப் பணம் கொடுப்பவரிடமோ கார்டையும் இரகசிய எண்ணையும் ஈடாகக் கொடுத்து வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. சம்பளம் விழுந்ததும் அவர் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். அவர் கூடுதலாக எடுத்துவிட்டால் அதை ‘அனுமதியில்லாத வாணிகம்’ என்று வங்கி ஏற்காது. இரகசிய எண்ணைத் தாமாகவே பிறரிடம் சொன்னவரும், அதைக் கார்டின் மேல் எழுதி வைத்தவரும் இழப்பைத் தாமே ஏற்க நேரிடும். கார்டை அடகு வைத்த நாளிலிருந்து இந்தக் கடிதம் எழுதும் உரிமையையும் சேர்த்தே அடகு வைத்துவிடுகிறோம்.

கடிதத்தில் எழுதக் கூடாதவை நான்கு. கார்டின் முழு எண், பின்புறத்தில் உள்ள மூன்று எண்கள், இரகசிய எண், கடவு எண். வங்கி இவற்றைக் கடிதத்தில் கேட்பதில்லை. கார்டின் கடைசி நான்கு எண்கள் போதும். அடையாளக் கார்டு எண்ணைக் கிளையில் கொடுக்கும் படிவத்தில் எழுதிக்கொள்ளலாம்.

கடிதத்தைக் கிளையில் நேரில் கொடுப்பதானால் இரண்டு பிரதிகள் எடுத்துச் செல்லுங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதாக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால், அனுப்பிய நாளும் நேரமும் அதிலேயே இருக்கும். வங்கியின் சொந்தப் புகார்ப் படிவத்தையும் நிரப்பச் சொல்வார்கள், நிரப்புங்கள். கடிதத்திலும் படிவத்திலும் தேதியும் தொகையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். புகார் செய்யக் காலக்கெடுவும் உண்டு. கணக்கு விவரத்தின் அடியில் சிறிய எழுத்தில் அது அச்சிடப்பட்டிருக்கும். பார்த்த அன்றே எழுதுகிறவர் அந்தக் கெடுவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பிறகு என்ன நடக்கும்? நம் வங்கி, கார்டு நிறுவனத்தின் வழியாக அந்தக் கடையின் வங்கியிடம் கேட்கும். கடைக்காரர் தம் பக்கச் சான்றைக் காட்ட வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். டெபிட் கார்டு என்பதால் பணம் ஏற்கெனவே கணக்கிலிருந்து போய்விட்டது. அந்த மாதச் செலவு முட்டுப்படும். ஆகவே, விசாரணை முடியும் வரை தொகையைத் தற்காலிகமாகத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. அப்படிச் சேர்த்தால் அது முடிவான பணமன்று. முடிவு நமக்கு எதிராக வந்தால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். எனவே அதைச் செலவழிப்பதில் கவனம் வேண்டும்.

‘உங்கள் புகார் ஏற்கப்படவில்லை’ என்று பதில் வந்தால், அதோடு விட்டுவிட வேண்டாம். என்ன காரணத்தால் என்று எழுத்தில் கேளுங்கள். ‘கடவு எண் கொண்டு சரிபார்க்கப்பட்டது’ என்று சொன்னால், எந்தத் தொலைபேசி எண்ணுக்கு, எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது என்று கேளுங்கள். அந்தப் பதிலும் சரியாகப் படவில்லையென்றால், நிதிச் சந்தைக் குறைதீர்ப்பாளர் சேவையிடம் போகலாம். 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து இயங்கும் இந்த அமைப்பைச் சுருக்கமாக எஃப்.எம்.ஓ.எஸ். என்பார்கள். புகார் செய்கிறவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் முதலில் வங்கியிடம் புகார் செய்து அதன் இறுதிப் பதிலைப் பெற்றிருக்க வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண்ணில் கேட்கலாம். அங்கேயும் முதலில் கேட்பது, ‘வங்கிக்கு எழுதிய கடிதத்தின் நகல் இருக்கிறதா?’ என்பதுதான்.

ஆகவே அந்த நகலையும், முத்திரையிட்ட பிரதியையும், போலீஸ் புகாரையும், வங்கி அனுப்பிய பதில்களையும் தேதி வரிசையில் ஒரே உறையில் போட்டு, அடையாளக் கார்டும் பிறப்புப் பத்திரமும் வைக்கும் பெட்டியிலேயே பத்திரப்படுத்துங்கள். பணம் கணக்கில் திரும்பிய பிறகும், அடுத்த கணக்கு விவரத்தில் மூன்று தொகைகளும் தனித்தனியே வந்து சேர்ந்தனவா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு உறையை மூடுங்கள். அந்த 4 வெள்ளி 90 காசையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.